சும்மா ஒரு மெயில் போடும்மா

மாங்காய் அந்த வருஷம் மரம் கொள்ளாமல் காய்த்திருந்தது. சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாலையின் இரண்டு பக்கமும் கிளிமூக்கு மாங்காய், நாங்கள் தோத்தாபுரி என்போம், கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாரும் "நல்ல வருஷம்" என்றார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எங்கள் தொழிற்சாலைப் புகைபோக்கியில் புகை வருவதற்கான அறிகுறியே இல்லை.

நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தது மாம்பழக் கூழ் செய்யும் தொழிற்சாலையில். பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, ஸ்டெரிலைசர் என்கிற இயந்திரத்தில் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பையில் நிரப்பி, பையை இரும்பு டிரம்முக்குள் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே அதில் ஜூஸ் செய்வார்கள். அவர் அந்த ஸ்டெரிலைசரை ஓட்டுகிறவர். நான் ஆபீஸில். பை, டிரம், லேபிள் வாங்குவது என் வேலை. கம்ப்யூட்டர் எனக்கு மட்டும்தான் வரும் என்பதால் மெயில் அடிப்பதும் என் தலையில் விழுந்தது.

முதலாளி தெலுங்கர், வீடு திருப்பதியில். எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் பாதி வாக்கியத்தில் தெலுங்குக்குத் தாவிவிடுவார். கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர். அந்த வருஷம் வழக்கமாக வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கைவிட்டுவிட்டான். முதலாளி ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய் ஹாலந்து ஜூஸ் கம்பெனி ஒன்றின் கொள்முதல் அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு பெண்மணி. அவர் கேட்டபடி சாம்பிள் அனுப்பினோம். சாம்பிள் போய்ச் சேர்ந்தது என்று கூரியர்க்காரன் சொன்னான். அதற்கப்புறம் அந்த அம்மாவிடமிருந்து மூச்சுப் பேச்சு இல்லை.

"ஆர்டர் லேகுண்டா பாயிலர் பத்த வெக்க மாட்டேன்மா," என்று முதலாளி எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். வாங்க ஆள் இல்லாமல் கூழ் எடுத்து அடுக்கிவைக்க அவருக்குத் தெம்பில்லை.

என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாயங்காலம் சோறு துன்னும்போது, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "பாயிலர் பத்த வெச்சா நான் இங்கியே கீறேன். இல்லன்னா குவைத்துக்குப் போறேன். திருப்பதி ஏஜெண்டு கையில சொல்லிக்கினு வந்துட்டேன்."

"என்னைக் கேட்டியா நீ?"

"கேட்டா வோணாம்ன்னுவ."

"அது தெரியுதில்ல?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதி வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது, குவைத்திலோ துபாயிலோ இருப்பார்கள். வீட்டுக்குப் புது சிமெண்டுப் பூச்சு இருக்கும், உள்ளே ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்காருகிற ஜாதி இல்லை நான். பாயிலர் எரிந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். என் கையில் இருந்தது ஒரு கீபோர்டு. அதை வைத்துத்தான் எரிக்க வேண்டும்.

முதலாளிக்கு மெயில் என்றால் ஒரே ஒரு மெயில்தான் தெரியும். காலையில் திருப்பதியிலிருந்து வந்து இறங்கியதும், நெற்றி நாமம்கூடக் காயாமல், என் மேஜைக்கு வந்து நிற்பார்.

"சும்மா ஒரு மெயில் போடும்மா. ஜஸ்ட் செக்கிங் இன். கைண்ட்லி ரிவர்ட்."

நானும் போட்டேன். சாம்பிள் கிடைத்ததா என்று ஒன்று. ஏதாவது முடிவு செய்தீர்களா என்று ஒன்று. ஜென்டில் ரிமைண்டர் என்று ஒன்று. கதவைத் தட்டிவிட்டு, யார் என்று கேட்டால் சும்மா தட்டினேன் என்று சொல்கிற மாதிரி. எந்த வீட்டில் கதவு திறப்பார்கள்?

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இந்த மாதிரி மெயிலு எனக்கும் டெய்லி வருது. டிரம் விக்கிறவன், லேபிள் விக்கிறவன், எல்லாரும் ஜஸ்ட் செக்கிங் இன் மேடம்ன்றான். நான் இன்னா பண்றேன் தெரியுமா? திறக்காமயே அழிக்கிறேன். நான் அழிக்கிறத அந்தம்மா மட்டும் ஏன் படிப்பாங்க?"

முதலாளி முகம் சுருங்கிவிட்டது. நான் விடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் ஓடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஆனால் அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே ஓடின. பை விற்கிற ஒருவரைப் பற்றிச் சொன்னேன். அவர் மெயிலை மட்டும் நான் அழிப்பதில்லை. முதல் மெயிலில், பைகளைத் தகரக் கொட்டகையில் வெயிலில் வைத்தால் வாயில் இருக்கும் ரப்பர் இறுகிவிடும், நிழலில் வையுங்கள் என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன், எங்கள் பைகள் தகரத்தடியில்தான் வெந்துகொண்டிருந்தன. இரண்டாவதில் ஒரு போட்டோ. டிரம்மின் உள்விளிம்பில் பிசிறு இருந்தால் பை எந்த இடத்தில் கிழியும் என்று காட்டியிருந்தார். மூன்றாவதில் புதுப்பையைச் சோதிக்கிற முறையை ஒரு பக்கத்தில் எழுதி, யாரிடம் வாங்கினாலும் இப்படிச் சோதித்து வாங்குங்கள் என்றார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லை. மூன்றாவது மெயிலுக்கு அப்புறம் அவரிடம்தான் பை வாங்கினோம்.

"ஒவ்வொரு மெயிலும் அந்தம்மா கைக்கு ஒண்ணு குடுக்கணும் சார். படிச்சி முடிச்சா, நம்மகிட்ட வாங்காட்டியும், அவங்க வேலைக்கு ஆவுற மாதிரி. போன மெயில்ல சொன்னத திருப்பிச் சொல்லக் கூடாது. கடைசில ஒரே ஒரு கேள்வி. ஒரு வரில பதில் போடற மாதிரி கேள்வி. மூணு மெயில் குடுங்க எனக்கு. மூணே மூணு. அதுக்கும் பேசலன்னா விட்டுடலாம்."

முதலாளி மேலே ஃபேனைப் பார்த்தார். "சரே," என்றார். "கானி நான் பாக்காம எதுவும் போகக் கூடாது."

அது நியாயம்தான். மெயில் போவது அவர் பேரில்.

முதல் மெயிலுக்கு விஷயம் கம்பெனியின் சோதனை லேபிலேயே இருந்தது. சீசன் தொடக்கத்தில் வருகிற தோத்தாபுரியில் புளிப்பு தூக்கலாக இருக்கும். போகப் போகப் புளிப்பு இறங்கி இனிப்பு ஏறும். எங்கள் பழைய சோதனை முடிவுகளை எடுத்து, தொடக்கத்துக் கூழ் எப்படி, கடைசிக் கூழ் எப்படி என்று நாலு வரி எழுதினேன். நாங்கள் அனுப்பிய சாம்பிள் போன வருஷம் நடு சீசனில் எடுத்தது, அதைக் குடித்துவிட்டு முழுச் சீசனும் இப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள் என்றேன். வேறு பழச்சாற்றோடு கலக்கிறீர்கள் என்றால் யாரிடம் வாங்கினாலும் எந்த மாதத்துக் கூழ் என்று கேட்டு வாங்குங்கள். கடைசியில் ஒரே கேள்வி: உங்கள் ஜூஸுக்குப் புளிப்பு வேண்டுமா, இனிப்பு வேண்டுமா?

மேலே தலைப்பில் ரிமைண்டர், ஃபாலோ அப் எதுவும் போடவில்லை. "தோத்தாபுரி: ஜூன் புளிப்பும் ஜூலை இனிப்பும்" என்று போட்டேன்.

முதலாளி படித்துவிட்டு, "நம்ம கம்பெனி பத்தி ஏமி லேதே? எத்தனை டன், எத்தனை வருஷம், ஒண்ணும் காணோமே?" என்றார்.

"அது அவங்களுக்கு எதுக்கு சார்?"

அனுப்பினோம். பதில் இல்லை.

அந்த வாரத்தில் ஏஜெண்டு ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கே வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர். காபி கொடுத்தேன். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டான். அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "மெடிக்கலுக்கு நாள் சொல்றேன்," என்றான். எந்த வேலை என்று கேட்டேன். "பெரிய லாண்டரிம்மா. பாயிலர் வேலதான். அவருக்குத் தெரிஞ்ச வேல," என்றான். லாண்டரி பேர் என்ன என்று கேட்டதற்கு, காபி நன்றாக இருந்தது என்றான்.

இரண்டாவது மெயிலை நாலைந்து நாள் விட்டு அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்தேன். உடனே போட்டால் பிடுங்குகிற மாதிரி, ரொம்ப விட்டால் மறந்துவிடுவார்கள். ஐரோப்பாக்காரர்களுக்குப் பூச்சி மருந்து என்றாலே பயம். இங்கே எந்த மருந்து அடிக்கிறார்கள் என்று தெரியாததால் கண்ணில் பட்டதையெல்லாம் சோதிக்கச் சொல்வார்கள், முக்கியமானது விட்டுப்போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில் கிளம்பினோம். நகரிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் தோப்பு, புத்தூரில் இரண்டு தோப்பு, அப்புறம் மருந்துக் கடை. பூ விடும்போது எதை அடித்தாய், பிஞ்சில் எதை அடித்தாய், அறுப்புக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்தினாய் என்று கேட்டோம். என்னைக் கண்டதும் ரெண்டு பேர் வாயைத் திறக்கவில்லை, மருந்து ஆபீசர் என்று நினைத்துவிட்டார்கள். அவர் போய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இன்னா மாமா, தத்துப்பூச்சி ஜாஸ்தியா?" என்று ஆரம்பித்தால் எல்லாம் வந்துவிடும்.

திரும்பும்போது ஒரு தோப்போரம் வண்டியை நிறுத்தினார். காய் முற்றிக்கொண்டிருந்தது. கீழே ரெண்டு உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் சீக்கிரமே வந்துடும்மே," என்றார். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

சித்தூர் மாந்தோப்பில் உண்மையில் அடிக்கிற மருந்துகள், எந்தக் கட்டத்தில், அவற்றை எல்லாம் அடக்கிய எங்கள் சோதனை அறிக்கை. அதுதான் இரண்டாவது மெயில். இந்தப் பட்டியலை உங்கள் லேபுக்குக் கொடுங்கள், யாருடைய கூழைச் சோதிப்பதற்கும் உதவும் என்று எழுதினேன். கேள்வி: உங்கள் லேப் சோதிக்கிறவற்றில் இதில் விட்டுப்போனது ஏதாவது உண்டா?

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நம்ம ஊர்ல மருந்து அடிக்கிறாங்கன்னு நாமே சொல்றதா?"

"அவங்களுக்குத் தெரியாதா சார்? நாம சொன்னா நம்புவாங்க. சொல்லலன்னா தேடுவாங்க."

அதுவும் போயிற்று. அதற்கும் பதில் இல்லை. காலையில் ஆபீஸைத் திறந்ததும் முதலில் மெயில் பார்ப்பேன். மோடம் கத்தி முடித்து, பக்கம் மெதுவாகத் திறக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். டிரம் விற்பவன் இருப்பான், லேபிள் விற்பவன் இருப்பான். ஹாலந்து இருக்காது. வெளியே பழம் இறக்குகிற மேடையில் நாய்கள் படுத்திருக்கும். போன வருஷம் இந்நேரம் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

மெடிக்கல் முடிந்தது. பாஸ் என்றான் ஏஜெண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் ஏதோ ஒன்றில் பாஸ் ஆனதற்கு நான் அழுதேன்.

மூன்றாவது மெயிலுக்கு நான் எடுத்தது அவருடைய வேலையை. ஸ்டெரிலைசரில் ஒரு கருவி உண்டு. வட்டமான காகிதம் மெதுவாகச் சுற்றும், ஒரு பேனா முள் அதில் சூட்டைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். சூடு சரியாக இருந்தால் கோடு வளையல் மாதிரி ஒரே வட்டமாக இருக்கும். இறங்கினால் கோடு உள்ளே வளையும். எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சூடு இறங்கிவிடும், இடையில் வந்த கூழை நம்ப முடியாது. பல இடங்களில் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அழகான காகிதம் ஒன்றை ஃபைலில் வைப்பார்கள். இவர் வைக்க மாட்டார். சூடு இறங்கினால் அந்தக் கூழைப் பைக்குப் போகவிடாமல் திருப்பிவிடுவார், குழாய்களை முழுக்கக் கழுவி, மறுபடி கொதி ஏற்றி, கோடு மறுபடி வட்டத்துக்கு வந்தபிறகுதான் நிரப்புவார். வட்டக் காகிதத்தின் ஓரத்தில் என்ன நடந்தது என்று தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்காக சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கியிருக்கிறார்.

சாம்பிள் எடுத்த அதே நாள் காகிதத்தைத் தேடி எடுத்தேன். அதில் கோடு ஒரு இடத்தில் பள்ளமாக உள்ளே வளைந்திருந்தது. சாயங்காலம் போன கரண்ட். அதை ஸ்கேன் செய்தேன். ஓரத்தில் அவர் எழுதியிருந்ததை இங்கிலீஷில் பெயர்த்தேன். இந்தப் பள்ளம் இருக்கிற காகிதத்தை நாங்கள் ஏன் காட்டுகிறோம் என்றால், சித்தூரில் எல்லாத் தொழிற்சாலையிலும் கரண்ட் போகும். பள்ளமே இல்லாத காகிதத்தை யாராவது காட்டினால், கரண்ட் போனபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். இது எங்கள் ஆபரேட்டர் செய்தது. கேள்வி: சீசன் தொடங்கும்போது ஒருவர் வந்து நேரில் பார்க்க முடியுமா? முடியாது என்றால் முடியாது என்று ஒரு வார்த்தை போட்டாலும் போதும், இதற்குமேல் தொந்தரவு செய்ய மாட்டோம்.

எழுதி முடித்ததும் எனக்கே தெரிந்தது, இது வேலை செய்யும் என்று.

முதலாளி படித்தார். மறுபடி படித்தார். இந்தத் தடவை குறை எதுவும் சொல்லவில்லை. "பாகுந்தி அம்மா," என்றார். நன்றாக இருக்கிறது என்று அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு மெயில் பிரிண்ட் எடுத்திருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அனுப்பிடட்டுமா சார்?"

"இப்போ வேணாம். மூடம் உந்தி."

சுக்கிரன் சூரியனுக்குப் பக்கத்தில் போய் மறைந்துவிடுகிற நாட்களைத் தெலுங்கர்கள் மூடம் என்பார்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம், புது வியாபாரம் எதுவும் அதில் தொடங்க மாட்டார்கள். முதல் இரண்டு மெயிலும் தெரியாமல் மூடத்திலே போய்விட்டன, அதனால்தான் பதில் வரவில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மூடம் போனதும் திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி, மொட்டை போட்டு, அந்தக் காகிதத்தைப் பெருமாள் முன்னால் காட்டிவிட்டு வருவதாக வேண்டிக்கொண்டுவிட்டாராம். அப்புறம்தான் மெயில்.

"சார், அது எத்தனை நாளுக்கப்புறம்? மெயிலு ஆறிப்போனா அந்தம்மாக்கு நாம யாருன்னே ஞாபகம் இருக்காது."

"கடைசி மெயில் அம்மா. இது போச்சுன்னா அந்தே." அவர் கண்ணில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. "ரிஸ்க் எடுக்க மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். பெருமாள் மேல் எனக்கு என்ன கோபம்? நானும்தான் கும்பிடுகிறேன். ஆனால் ஹாலந்துக்காரிக்கு மூடம் கிடையாதே. அவள் இந்த மாதம் வாங்கி முடித்துவிட்டால் அடுத்த மாதம் எந்தச் சுக்கிரன் வந்து என்ன செய்ய?

வீட்டுக்குப் போனால் பாஸ்போர்ட்டும் விசாவும் வந்திருந்தன. டிக்கெட்டுக்கு நாளும் ஏஜெண்டு குறித்துவிட்டான். மூடம் முடிவதற்கு முந்தின வாரம்.

என் வீட்டுக்காரர் பெட்டிக்கு வாங்கின புதுப் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"பாஸ்வேர்டு என்கிட்ட கீது. நாளைக்குக் காலைல அவரு வர்றதுக்குள்ள அனுப்பிடட்டுமா?"

அவர் பூட்டைக் கீழே வைத்தார். "வோணாம்."

"யோவ், இது போனா நீ போவாம இருக்கலாம்யா."

"அந்தாளு சம்பளம் துன்னுக்கினு அந்தாளுக்குத் தெரியாம அந்தாளு பேர்ல அனுப்பறதா? ஆர்டரு வந்தாலும் நான் அங்க நிக்க மாட்டேன்மே." அப்புறம் கொஞ்சம் சிரித்தார். "நீ எழுதியிருக்கிறது இன்னா? பள்ளத்த மறைக்காத ஆளுன்னு. அத்த மறைச்சி அனுப்புவியா?"

என் வாயை அடைக்க எனக்குத் தெரிந்து உலகத்தில் அவர் ஒருவரால்தான் முடியும். நான் அனுப்பவில்லை. இரண்டு மனுஷர்கள், ஒருவருக்குப் பயம், ஒருவருக்கு மானம், இருவருக்கும் நடுவில் என் மெயில் கிடந்து வெந்தது.

குறித்த நாளில் என் வீட்டுக்காரர் சென்னைக்கு பஸ் ஏறினார். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் குவைத்துக்குப் போகிறவர்கள் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள், எல்லார் பெட்டியிலும் ஒரே மாதிரிக் கயிறு. ஏஜெண்டு வரவில்லை. பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியாக, "மெயிலு இன்னா ஆச்சின்னு சொல்லு," என்று கத்தினார். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டார்.

மூடம் போனது. முதலாளி மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்தார், கையில் லட்டு. என் கையில் ஒரு துண்டு வைத்தார். "இப்போ அனுப்பும்மா," என்றார். அனுப்பினேன். லட்டைத் தாளில் மடித்து மேஜையில் வைத்தேன்.

மறுநாள் காலையில் பதில் இருந்தது.

அந்த அம்மா நீளமாக எழுதியிருந்தார். முதல் மெயிலைக் கலவை செய்கிற ஆட்களுக்கு அனுப்பினாராம், இரண்டாவதை லேபுக்கு. இருவரும் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாராம், பதில் போடாததற்கு மன்னிக்கவும். மூன்றாவது மெயிலில் இருந்த மாதிரிக் காகிதத்தை இதுவரை யாரும் தனக்குக் காட்டியதில்லை. ஒரு கண்டெய்னர் சோதனை ஆர்டர் தரத் தயார், தங்கள் தரக்கட்டுப்பாட்டு ஆளை அனுப்பத் தயார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. ஒரு வரியில் பதில் போடக்கூடிய கேள்வி.

இந்தச் சீசனிலும் ஸ்டெரிலைசரில் இதே ஆபரேட்டர்தான் இருப்பாரா?

நான் படித்துவிட்டு நாற்காலியை ஒதுக்கினேன். முதலாளி பின்னால் நின்று படித்தார். அவர் மொட்டைத் தலை முழுக்க வியர்த்துவிட்டது.

"எஸ்னு போடும்மா," என்றார் மெதுவாக. "வர்றதுக்குள்ள யாரையாவது புடிச்சிடலாம். இல்லன்னா அவரையே திரும்பக் கூப்பிடு. டிக்கெட் நான் எடுக்கறேன்."

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் யாரோ அரபியில் அதட்டுகிற சத்தம் கேட்டது.

"பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் வாங்கி வெச்சிக்கினான்மே. ரெண்டு வருஷம் முடிஞ்சாத்தான் குடுப்பானாம்."

"பாயிலரு வேலைதான?"

"தொடப்பம் குடுத்துட்டான்." அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு, "இல்லன்னு எழுது. எஸ்ஸுன்னு எழுதாத. அந்தம்மா அந்தக் காயிதத்த நம்பிக் கேக்குது," என்றார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொண்டே, "நேனே தப்பு சேசேனு," என்றார். தப்பு செய்தது நான்தான் என்று. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. இல்லை என்று எழுதினேன். வேறு ஆளைப் பயிற்றுவிக்க ஒரு சீசன் ஆகும் என்பதையும் எழுதினேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, அப்படியானால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அந்த அம்மா மரியாதையாகப் பதில் போட்டார். அந்தச் சீசனில் பாயிலர் எரியவில்லை. மாங்காய் லாரி லாரியாக எங்கள் கேட்டைத் தாண்டிப் போனது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகள்தான். அங்கே விடுமுறை, கடைப் போனில் வரிசையில் நின்று பேசுவார். பேச என்ன இருக்கிறது? சோறு துன்னியா, துன்னேன். மழையா, இல்ல. என்ன விஷயம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாதான் போன் பண்ணேன்," என்பார். எனக்குச் சுள்ளென்று வரும். "வாரத்துக்கு ஒரு தபா பேசற, ஒரு சேதி சொல்ல மாட்டியாய்யா?" என்று கத்துவேன். அவர் சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அதற்கடுத்ததும். ஏஜெண்டு ஆபீஸில் பூட்டு தொங்கியது. பக்கத்துக் கடைக்காரன் அவன் போய் ஒரு மாதம் ஆகிறது என்றான். அங்கே என்ன ஆகியிருக்கும் என்று ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், சொன்னது ஒன்றுகூட நல்லதாக இல்லை. அவர் கம்பெனியின் மெயில் முகவரி விசாக் காகிதத்தின் அடியில் இருந்தது. ஆபீஸுக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அவர்கள் கையில் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியது மட்டும்தான் இருந்தது. என் விரல்கள் தாமாக அடித்தன. ஜஸ்ட் செக்கிங் இன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழிக்கவில்லை. அதையே அனுப்பினேன். அடுத்த நாளும் அனுப்பினேன். அதற்கடுத்த நாளும்.

பதில் வரவில்லை. நான் ஆச்சரியப்படவும் இல்லை.

போன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. ஏதோ தெரியாத நம்பர். எடுத்ததும் காற்றுச் சத்தம், அப்புறம் இருமல். பாலைவனத்தில் வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம், அங்கே போன் கிடையாதாம், இப்போது யாரோ லாரி டிரைவருடையதில் பேசுகிறாராம். கேட்க வேண்டியது என் நெஞ்சில் அத்தனை இருந்தது. உடம்பு எப்படி, கை கால் ஒழுங்காக இருக்கிறதா, எப்போது விடுவான்.

"இன்னா விஷயம்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணுமில்லமே," என்றார். "சும்மாதான்."

டிரைவர் போனைத் திருப்பி வாங்குகிறவரை அந்தக் குரலை நான் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.